ஒரே வொர்க்புக்கின் இரண்டு ஷீட்டுகளை ஒரே திரையில் ஒப்பிடுவது எப்படி?

கேள்வி: "ஒரே எக்செல் ஃபைல்ல March, April னு ரெண்டு சம்பள ஷீட் இருக்கு. ரெண்டையும் ஒரே திரையில வச்சு வரி வரியா பார்க்கணும். Split கொடுத்தா ரெண்டு பக்கமும் ஒரே ஷீட்தான் வருது. View Side by Side மங்கலாவே இருக்கு, அழுத்த முடியல. ஃபைலை வேற பேர்ல காப்பி எடுத்துத்தான் பார்க்கணுமா?"

காப்பி எடுக்க வேண்டாம். காப்பி எடுத்தவுடன் உங்களிடம் இரண்டு ஃபைல்கள் ஆகிவிடும். ஒப்பிடும்போது கண்ணில் பட்ட பிழையை எந்த ஃபைலில் திருத்தினோம் என்பது சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். எக்செல்லில் ஒரே ஃபைலுக்கு இரண்டாவது விண்டோ திறக்கலாம். `View` டேபுக்குப் போய் `New Window` அழுத்துங்கள். விசைப்பலகையில் Alt, W, N என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாலும் போதும். திரையில் பெரிதாக ஒன்றும் நடந்ததுபோல் தெரியாது, ஏனென்றால் புதிய விண்டோ பழையதன் மேலேயே, அதே ஷீட்டைக் காட்டியபடி வந்து நிற்கும். மேலே தலைப்புப் பட்டையில் ஃபைல் பெயருக்குப் பின்னால் 2 என்ற எண் வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்தால் இரண்டாவது விண்டோ திறந்தாயிற்று.

`View Side by Side` மங்கலாக இருந்ததன் காரணமும் இதுதான். அந்தப் பொத்தான் ஒப்பிடுவது இரண்டு விண்டோக்களை, ஷீட்டுகளை அல்ல. ஒரே ஒரு விண்டோ மட்டும் திறந்திருக்கும்வரை அதற்கு வேலை இல்லை. `New Window` கொடுத்த அடுத்த கணமே அது தெளிந்துவிடும். `Split` வேறு வகை. அது ஒரு விண்டோவுக்குள், ஒரு ஷீட்டை, இரண்டு அல்லது நான்கு துண்டுகளாகப் பிரித்துக் காட்டுவது. எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு துண்டில் March, இன்னொன்றில் April என்று அதனால் காட்ட முடியாது. ஒரே ஷீட்டின் 5ஆம் வரியையும் 60ஆம் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் அது நல்ல கருவி. A நெடுவரிசையில் ஒரு செல்லில் நின்று கொடுத்தால் மேல், கீழ் என்று இரண்டாகும். முதல் வரியில் ஒரு செல்லில் நின்று கொடுத்தால் இடம், வலம் என்று இரண்டாகும். நடுவில் எங்காவது நின்று கொடுத்தால் நான்காகும். நான்கு துண்டுகளும் தனித்தனியாக நகராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மேலும் கீழும் இருக்கும் துண்டுகள் பக்கவாட்டில் சேர்ந்தே நகரும், பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் மேலும் கீழும் சேர்ந்தே நகரும். உங்கள் வேலைக்கு அது ஆகாது, ஆகவே அதை இத்துடன் விடலாம். பிரித்த கோடு இன்னும் திரையில் இருந்தால் அதன் மேல் இருமுறை சொடுக்குங்கள், போய்விடும்.

இரண்டாவது விண்டோ வந்ததும் செய்ய வேண்டிய வரிசை இது. அந்த விண்டோவில் April டேபைச் சொடுக்கி அந்த ஷீட்டுக்குப் போய்விடுங்கள். பிறகு `View Side by Side` அழுத்துங்கள். வேறு எக்செல் ஃபைல்களும் திறந்திருந்தால் எதோடு ஒப்பிட வேண்டும் என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். உங்கள் ஃபைல் பெயரையே, மற்ற எண்ணோடு இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு விண்டோக்களும் திரையைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். பக்கத்தில் பக்கத்தில் வேண்டுமானால் `Arrange All` அழுத்தி `Vertical` தேர்ந்து, கீழே உள்ள `Windows of active workbook` கட்டத்தில் டிக் போட்டு OK கொடுங்கள். அந்த டிக்கை விட்டுவிட்டால் திறந்திருக்கும் மற்ற ஃபைல்களும் வரிசையில் வந்து நின்று, ஒவ்வொன்றுக்கும் விரல் அகலம்தான் கிடைக்கும். இங்கே பலரும் குழம்புவது பெயரில்தான்: `Vertical` என்றால் விண்டோக்கள் இடமும் வலமுமாக நிற்கும், `Horizontal` என்றால் மேலும் கீழுமாக நிற்கும்.

இரண்டில் எது என்பதை ஷீட்டின் வடிவம் முடிவு செய்யட்டும். சம்பளப் பட்டியலில் பதினான்கு, பதினைந்து நெடுவரிசைகள் இருக்கும். மடிக்கணினித் திரையை இடம், வலமாகப் பிரித்தால் பாதி அகலத்தில் எண்ணும் பெயரும் போக நான்கைந்து நெடுவரிசைகள்தான் தெரியும். கடைசியில் இருக்கும் நிகரச் சம்பளத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அப்படிப்பட்ட ஷீட்டுக்கு மேல், கீழ் அமைப்புதான் என் தேர்வு. ஒரே நெடுவரிசை ஒன்றன் நேர்கீழே ஒன்றாக நிற்பதால் March அடிப்படைச் சம்பளத்துக்கு நேர்கீழே April அடிப்படைச் சம்பளம் இருக்கும், கண் செங்குத்தாக இறங்கினால் போதும். நாலைந்து நெடுவரிசைகளே உள்ள நீளமான சரக்குப் பட்டியல் போன்றவற்றுக்கு இடம், வலம் நல்லது. மேல், கீழாக வைக்கும்போது உயரம் பற்றாக்குறையாகும். எக்செல் 2013 முதல் ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி ரிப்பன் இருப்பதால் அந்த இரண்டு ரிப்பன்களுமே திரையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஒவ்வொரு விண்டோவிலும் Ctrl+F1 அழுத்தி ரிப்பனைச் சுருக்குங்கள். ஒவ்வொன்றிலும் சில வரிகள் கூடுதலாகத் தெரியும். மறுபடி Ctrl+F1 அழுத்தினால் ரிப்பன் திரும்பி வரும். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள் 2013 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் ஒரு விண்டோவை அப்படியே அடுத்த மானிட்டருக்கு இழுத்துக்கொண்டு போகலாம்.

அடுத்தது தலைப்பு வரி. முதல் விண்டோவில் `Freeze Panes` போட்டிருந்தாலும், பல பதிப்புகளில் இரண்டாவது விண்டோவில் அது இருக்காது. ஃப்ரீஸ், ஜூம் அளவு, கட்டக் கோடுகள் தெரிவதும் மறைவதும் ஆகியவை விண்டோவைச் சேர்ந்தவை. ஆகவே இரண்டாவது விண்டோவிலும் தனியாகப் போட வேண்டும். தலைப்பு முதல் இரண்டு வரிகளிலும், ஊழியர் எண்ணும் பெயரும் A, B நெடுவரிசைகளிலும் இருந்தால், முதலில் Ctrl+Home அழுத்தி மேலே போய், C3 செல்லில் நின்று `Freeze Panes` கொடுங்கள். Ctrl+Home என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கீழே நகர்ந்திருக்கும் நிலையில் ஃப்ரீஸ் செய்தால், திரையில் அப்போது தெரியும் மேல் வரியிலிருந்துதான் அது உறையும். அதற்கு மேலே உள்ள வரிகளை மவுஸால் உருட்டி எட்டவே முடியாமல் போகும், வரிகள் காணாமல் போய்விட்டன என்று தோன்றும். அப்படி ஆனால் `Unfreeze Panes` கொடுத்துவிட்டு மேலே போய் மறுபடி போடுங்கள். இரண்டு விண்டோக்களிலும் ஒரே செல்லில் ஃப்ரீஸ் போட்டு, ஜூம் சதவீதத்தையும் ஒரே அளவில் வைத்தால்தான் வரிக்கு வரி நேராக நிற்கும்.

இப்போது வேலையின் மையத்துக்கு வருவோம். `View Side by Side` போட்டதும் `Synchronous Scrolling` தானாகவே இயங்கத் தொடங்கும். ஒரு விண்டோவை உருட்டினால் மற்றதும் கூடவே உருளும். இது ஊழியர் எண்ணைப் பார்த்து நகர்வதில்லை, உருட்டிய அளவுக்கு நகர்வது மட்டும்தான். நீங்கள் இயக்கிய நேரத்தில் இரண்டு விண்டோக்களுக்கும் நடுவே எத்தனை வரி வித்தியாசம் இருந்ததோ, அந்த வித்தியாசத்தை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டையும் நகர்த்தும். இதைப் புரிந்துகொண்டால் கருவி உங்கள் கைக்கு வந்துவிடும். புரியாவிட்டால் தப்பான ஆளோடு தப்பான ஆளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஓர் உதாரணம் வைத்துப் பார்க்கலாம். March ஷீட்டில் 62 பேர், 3ஆம் வரி முதல் 64ஆம் வரி வரை. April ஷீட்டில் 63 பேர், 3 முதல் 65 வரை. இரண்டும் துறைவாரியாக அடுக்கப்பட்டவை. எண்ணிக்கையைப் பார்த்தால் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார் என்றுதான் தோன்றும். உண்மையில் இருவர் சேர்ந்து ஒருவர் விலகியிருக்கிறார். April 17ஆம் வரியில் ஒரு புதியவர், March 40ஆம் வரியில் இருந்தவர் April-இல் இல்லை, April 52ஆம் வரியில் இன்னொரு புதியவர். 16ஆம் வரி வரை இரண்டு ஷீட்டும் நேருக்கு நேர் ஓடும். 17இல் பெயர்கள் மாறுபடும். March 17இல் இருப்பவர் April-இல் 18இல் இருப்பார். இந்த இடத்தில் `Synchronous Scrolling` பொத்தானை ஒருமுறை அழுத்தி நிறுத்துங்கள். April விண்டோவை மட்டும் ஒரு வரி கீழே நகர்த்துங்கள். உருட்டுப் பட்டையின் அம்புக்குறியைச் சொடுக்கினால் துல்லியமாக ஒரே வரி நகரும், மவுஸ் சக்கரம் வழக்கமாக மூன்று வரி தாண்டிவிடும். பெயர்கள் மறுபடி நேராக வந்ததும் பொத்தானை மீண்டும் அழுத்துங்கள். இனி அந்த ஒரு வரி இடைவெளியோடு இரண்டும் சேர்ந்து ஓடும்.

March 40இல் விலகியவரைத் தாண்டியதும் March 41க்கு April 41 என்று கணக்கு பழையபடி சமமாகிவிடும். ஆகவே அங்கே மறுபடி நிறுத்தி, இடைவெளியை எடுத்துவிட்டு இயக்க வேண்டும். 52இல் மறுபடி ஒரு வரி இடைவெளி; March 64க்கு April 65 என்று முடியும். இடையில் 41 முதல் 51 வரை வரி எண்கள் பொருந்தியே இருப்பதுதான் இதில் ஏமாற்றும் இடம். அவசரத்தில் 45ஆம் வரியையும் 48ஆம் வரியையும் மட்டும் சோதித்துப் பார்த்தவர் மேலே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். எப்போதும் ஊழியர் எண்ணைப் பாருங்கள், வரி எண்ணை நம்பாதீர்கள். இடைவெளி வைத்த நிலையில் மேலே ஏறி ஒரு விண்டோ முதல் வரியில் முட்டி நின்றுவிட்டால், மறுபடி இறங்கும் முன் பெயர்கள் நேராக நிற்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றாக உருள்வது திரை மட்டுமே. தேர்ந்தெடுத்த செல் ஒன்றாக நகராது. March விண்டோவில் 27ஆம் வரியில் நின்றால் April விண்டோவில் பச்சைக் கட்டம் பழைய இடத்திலேயே இருக்கும். வரியைத் தவறவிடாமல் இருக்க, ஒப்பிடும் வரியில் Shift+Space அழுத்தி முழு வரியையும் தேர்ந்துகொண்டு, மற்ற விண்டோவுக்கு Ctrl+F6 மூலம் போய் அங்கேயும் அதையே செய்யுங்கள். வேறு ஃபைல்களும் திறந்திருந்தால் Ctrl+F6 அவற்றின் வழியாகவும் சுற்றி வரும். அப்போது மவுஸால் சொடுக்கிப் போவதே சுலபம். எந்த ஷீட்டிலாவது ஃபில்டர் போட்டிருந்தாலோ வரிகளை மறைத்திருந்தாலோ இந்த நேர்கோடு கலைந்துவிடும். ஒப்பிடும் முன் ஃபில்டரை எடுத்துவிடுங்கள்.

62 பேர் என்றால் கண்ணால் பார்க்கலாம். 600 பேர் என்றால் கண் தோற்கும். 62 பேரிலும்கூட கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்கள் உண்டு. திரையில் 18,250 என்று இரண்டிலும் தெரிந்தாலும் உள்ளே ஒன்றில் 18250, இன்னொன்றில் 18249.60 இருக்கலாம்; தசமம் காட்டாத வடிவமைப்பு இரண்டையும் ஒரே மாதிரி காட்டும். ஆகவே என் பரிந்துரை, வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை ஃபார்முலாவிடம் கேளுங்கள், ஏன் வந்தது என்பதை இரண்டு விண்டோக்களில் பாருங்கள். ஊழியர் எண் A-யிலும் நிகரச் சம்பளம் N-இலும் இருப்பதாக வைத்துக்கொண்டு, April ஷீட்டில் காலியாக உள்ள Q3 செல்லில் இதைத் தட்டுங்கள்:

```
=COUNTIF(March!$A$3:$A$64,A3)
```

பக்கத்தில் R3-இல் இது:

```
=IFNA(ROUND(N3-INDEX(March!$N$3:$N$64,MATCH(A3,March!$A$3:$A$64,0)),2),"புதியவர்")
```

இரண்டையும் 65ஆம் வரி வரை இழுத்துவிடுங்கள். Q-இல் 0 வரும் வரிகள் March-இல் இல்லாதவர்கள்; நம் உதாரணத்தில் 17உம் 52உம். 2 என்று எங்காவது வந்தால் March-இல் ஒரே எண் இரண்டு முறை ஏறியிருக்கிறது, அதை முதலில் தீர்க்க வேண்டும், ஏனென்றால் MATCH முதலில் கண்டதை மட்டும் எடுத்துக்கொள்ளும். R-இல் 0 வந்தால் நிகரச் சம்பளம் மாறவில்லை, வேறு எண் வந்தால் அதுதான் வித்தியாசம். விலகியவர் இந்தப் பக்கத்திலிருந்து தெரிய மாட்டார். அவரைக் கண்டுபிடிக்க March ஷீட்டிலும் திருப்பி ஒரு ஃபார்முலா போட வேண்டும்:

```
=COUNTIF(April!$A$3:$A$65,A3)
```

இதை March-இல் 64ஆம் வரி வரை இழுத்தால் 40ஆம் வரியில் மட்டும் 0 வரும். ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைப்பதால்தான் பல இடங்களில் விலகியவர்கள் கண்ணில் படாமல் போகிறார்கள். IFERROR-க்குப் பதில் IFNA போட்டிருப்பதும் வேண்டுமென்றேதான். N நெடுவரிசையிலேயே #REF! போன்ற பிழை இருந்தால் IFERROR அதையும் "புதியவர்" என்று மூடி மறைத்துவிடும். IFNA எண் கிடைக்காத இடத்தை மட்டும் பிடிக்கும், மற்றப் பிழைகளை அப்படியே காட்டும். இது எக்செல் 2013 முதல் உண்டு.

Q-இல் எல்லோருக்கும் 1 வருகிறது, R-இல் எல்லோரும் "புதியவர்" என்று வருகிறது என்றால் பயப்பட வேண்டாம். ஒரு ஷீட்டில் ஊழியர் எண் எண்ணாகவும் மற்றதில் எழுத்தாகவும் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். 1014 என்ற எண்ணையும் 1014 என்று எழுத்தாகத் தட்டியதையும் COUNTIF ஒன்றாகவே எண்ணும், MATCH வேறு வேறாகத்தான் பார்க்கும். வேறு மென்பொருளிலிருந்து இறக்கிய பட்டியல்களில் இது அடிக்கடி நடக்கும். வேறு சீரமைப்பு ஏதும் செய்யாத நெடுவரிசையில் எண் வலப்பக்கம் ஒட்டியும் எழுத்து இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். அதை வைத்து எந்த ஷீட் தவறு என்று கண்டுபிடிக்கலாம். அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்து, `Data` டேபில் `Text to Columns` திறந்து, எதையும் மாற்றாமல் `Finish` அழுத்தினால் பெரும்பாலும் எண்ணாக மாறிவிடும். நெடுவரிசையின் வடிவமைப்பே `Text` என்று இருந்தால் அதை `General` ஆக்கிவிட்டு இதைச் செய்யுங்கள். 0 என்று தொடங்கும் ஊழியர் எண்கள் இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், முன்னால் உள்ள 0 போய்விடும். அந்த நிலையில் மற்ற ஷீட்டை எழுத்தாக மாற்றுவதே சரி.

இனி விண்டோக்களுக்குத் திரும்பலாம். April 28ஆம் வரியில் R நெடுவரிசை -120 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். April விண்டோவில் 28ஆம் வரி, March விண்டோவில் அதே ஆளின் 27ஆம் வரி. D-இல் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து இரண்டிலும் 14,000. அடுத்தடுத்து வரும் தொகைகள் எல்லாம் ஒன்றே. K-இல் வருங்கால வைப்புநிதிப் பிடித்தம் மட்டும் March-இல் 1,680, April-இல் 1,800. 14,000-க்கு 12 சதவீதம் 1,680தான். 1,800 என்பது 15,000 உச்சவரம்புக்கு உரிய பிடித்தம். அந்த வரம்பை எட்டியவர்களின் வரிகளில் எல்லாம் அதே எண்தான் இருக்கும். யாரோ மேல் வரியிலிருந்து தொகையை மட்டும் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். உறுதி செய்ய இரண்டு விண்டோக்களிலும் Ctrl+` அழுத்துங்கள். எண் 1-க்கு இடப்பக்கம், Tab விசைக்கு மேலே இருக்கும் விசை அது. செல்களில் விடைக்குப் பதில் ஃபார்முலா தெரியும். March-இல் இப்படி இருக்கும்:

```
=ROUND(MIN(D27,15000)*12%,0)
```

April-இல் வெறும் 1800 இருந்தால் ஃபார்முலா அழிந்து எண் உட்கார்ந்திருக்கிறது. ஃபார்முலா காட்டும் இந்த நிலையும் விண்டோவைச் சேர்ந்ததுதான், ஃபைலைச் சேர்ந்ததல்ல. அதனால் இன்னொரு பயனும் உண்டு. இரண்டு விண்டோக்களிலும் ஒரே April ஷீட்டை வைத்து, ஒன்றில் விடைகளையும் மற்றதில் ஃபார்முலாக்களையும் காட்டலாம். K நெடுவரிசை முழுவதும் ஃபார்முலா ஓடும்போது நடுவில் ஒரே ஒரு வரியில் வெறும் எண் இருந்தால் அது பளிச்சென்று தெரியும். ஃபார்முலா காட்டும் விண்டோவில் நெடுவரிசைகள் அகலமாகத் தெரிவதைப் பார்த்து யாரும் அகலத்தைச் சரிசெய்யப் போக வேண்டாம். மறுபடி Ctrl+` அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். நீங்கள் கையால் மாற்றிய அகலம்தான் ஷீட்டில் தங்கிவிடும்.

இங்கே எது விண்டோவோடு போகும், எது ஷீட்டோடு போகும் என்பது முக்கியம். இரண்டாவது விண்டோ ஃபைலின் நகல் அல்ல, அதே ஃபைலுக்கு இன்னொரு ஜன்னல். அதில் தட்டுவது உடனே முதல் விண்டோவிலும் தெரியும். Ctrl+Z எந்த விண்டோவில் அழுத்தினாலும் கடைசியாகச் செய்த மாற்றம்தான் போகும், அது மற்ற விண்டோவில் செய்ததாக இருந்தாலும். ஃபில்டர், அடுக்குதல், வரி மறைத்தல், நெடுவரிசை அகலம் எல்லாம் ஷீட்டைச் சேர்ந்தவை. ஒரே ஷீட்டை இரண்டு விண்டோவில் வைத்து ஒன்றில் முழுப் பட்டியலும் மற்றதில் ஃபில்டர் செய்ததும் பார்க்கலாம் என்று முயன்றால் நடக்காது, இரண்டிலும் ஃபில்டர் விழும். சோதித்துப் பார்க்க ஒரு தொகையை மாற்றிப் பார்க்கிறேன் என்று இரண்டாவது விண்டோவில் மாற்றுவதும் ஆபத்து. அது உண்மையான சம்பளத் தாளிலேயே மாறுகிறது.

எக்செல் இல்லாமல் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்துபவர்களுக்கு `Window` மெனுவில் `New Window` இதே வேலையைச் செய்யும். விண்டோக்களை விண்டோஸ் விசையோடு இட, வல அம்புக்குறிகளை அழுத்தித் திரையில் ஒட்டவைத்துக்கொள்ளலாம். கூகிள் ஷீட்ஸில் பிரவுசர் டேபின் மேல் வலது சொடுக்கு கொடுத்து அதை நகலெடுத்து, வந்த டேபை வெளியே இழுத்துத் தனி விண்டோ ஆக்கி, அதில் மற்ற ஷீட்டுக்குப் போங்கள். அங்கே இரண்டையும் தனித்தனியாகத்தான் உருட்ட வேண்டும். மேலே சொன்ன ஃபார்முலாக்கள் மூன்று இடத்திலும் வேலை செய்யும் என்றாலும், கால்க்கில் ஷீட் பெயருக்குப் பின்னால் `!` இடத்தில் வழக்கமாகப் புள்ளி வரும்.

வேலை முடிந்தபின் மூடுவதில் கவனம் வேண்டும். இரண்டு விண்டோக்களும் திறந்திருக்கும்போது சேமித்தால் அந்த இரண்டு விண்டோக்களும் ஃபைலுக்குள் பதிந்துவிடும். அடுத்த முறை திறக்கும்போது இரண்டாகவே திறக்கும். அந்த ஃபைலை மின்னஞ்சலில் அனுப்பினால் பெறுபவருக்கும் அப்படியே திறக்கும், அவர் ஏதோ கோளாறு என்று நினைப்பார். xlsx ஃபைலுக்குள் ஒவ்வொரு ஷீட்டுக்கும், விண்டோவுக்கு ஒன்றாகத் தனித்தனிப் பார்வைக் குறிப்பு எழுதப்படுவதே இதற்குக் காரணம். ஃப்ரீஸ், ஜூம் எல்லாம் அந்தக் குறிப்பில்தான் இருக்கின்றன. எனவே எண் 2 உள்ள விண்டோவை முதலில் மூடுங்கள். ஃபைல் இன்னும் ஒரு விண்டோவில் திறந்திருப்பதால் அப்போது சேமிக்கவா என்று கேட்காது, அதனால் எதுவும் இழக்கவும் மாட்டீர்கள். தலைப்பில் எண் போய், வெறும் ஃபைல் பெயர் மட்டும் நிற்கும். அதன்பிறகு சேமியுங்கள்.

மாறாக எண் 1 உள்ளதை மூடிவிட்டால், அதோடு அந்த விண்டோவில் இருந்த ஃப்ரீஸும் மற்றப் பார்வை அமைப்புகளும் போய்விடும். மிஞ்சிய விண்டோவில் நீங்கள் போட்டவை மட்டும்தான் இருக்கும். நீங்கள் March, April இரண்டுக்கும் மட்டும் புதிதாக ஃப்ரீஸ் போட்டிருந்தால், ஃபைலில் உள்ள மற்ற பத்து மாத ஷீட்டுகளிலும் அது காணாமல் போயிருக்கும். அப்படி மூடிவிட்டது தெரிந்தால், சேமிக்காமல் ஃபைலை மூடித் திறப்பதுதான் சுலபமான வழி, இடையில் செய்த திருத்தங்கள் ஏதும் இல்லாத பட்சத்தில். `AutoSave` இயங்கும் ஃபைலில் இது கைகொடுக்காது, ஏனென்றால் அது ஏற்கெனவே சேமித்திருக்கும். அங்கே ஒவ்வொரு ஷீட்டாகப் போய் Ctrl+Home, பிறகு C3, பிறகு Alt, W, F, F என்று போட்டுக்கொண்டே வர வேண்டியதுதான்.